என்ஏவி 10 ரூபாயா, 500 ரூபாயா?

மயிலாப்பூர் அத்தை 10,000 ரூபாயை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் போட நினைத்தார். புதிய ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 10 ரூபாய், பழையதில் 500. "இதுல ஆயிரம் யூனிட் வருது, அதுல வெறும் இருபதுதானேப்பா?" என்றார்.

என்ஏவி என்பது ஃபண்டின் நிகரச் சொத்தை யூனிட் எண்ணிக்கையால் வகுத்த தொகை, அவ்வளவுதான். பழையது பல வருடம் வளர்ந்ததால் 500 ஆனது. இரண்டும் நிஃப்டி 50 பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவதால், இரண்டுக்குள்ளும் இருப்பது அதே 50 பங்குகள், அதே சந்தை விலையில். நிஃப்டி 10 சதவீதம் ஏறினால் ஒன்று சுமார் 11, மற்றது சுமார் 550 ஆகும். அத்தைக்கு எதிலும் ஏறக்குறைய 11,000தான்.

சரி, எதைப் பார்ப்பது? செலவு விகிதத்தை, அதாவது ஃபண்டை நடத்த வருடா வருடம் நம் பணத்திலிருந்து எடுக்கும் சதவீதத்தை. புதியதில் 0.5 சதவீதம், பழையதில் 0.2 என்றால், 10,000 ரூபாய்க்கு வருடம் 50 ரூபாய் எங்கே, 20 எங்கே? நான் பழையதையே சொன்னேன்.