ஒன்பது வருடம், ஒரு கண்ணாடி

நண்பர் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார். என் வண்டி மாதிரியே ஒன்று கைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். இன்ஜினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். ஒன்பது வருடத்தில் என்னை நடுரோட்டில் விட்டதில்லை. ஆனால் டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு புராணமே பாடலாம்.

ஆறாவது வருடம் முதல் தடவை நின்றது. ஏற்றும்போது கதவுக்குள் கறகறவென்று சத்தம், கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து பாதியில் மாட்டிக்கொண்டது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் இழை இழையாகப் பிரிந்து, அது சுற்றும் உருளையில் சிக்கியிருந்தது. தினமும் ஏறி இறங்கும் கண்ணாடி, தேய்ந்தது நியாயம்தான். ரெகுலேட்டரை மாற்றினேன், கோபமில்லை.

கோபம் இரண்டாவது தடவை வந்தது. போன வருடம் கண்ணாடி மெல்ல மெல்லச் சோம்பேறியானது. இறங்கும்போது பரவாயில்லை, ஏறும்போதுதான் முனகல். இன்ஜின் ஓடினால் எப்படியாவது மேலே போய்விடும். அணைத்துவிட்டால் பாதியில் நின்றுவிடும். சில நிமிடம் விட்டு அழுத்தினால் மறுபடி நகரும். மழையில் அந்தச் சில நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நனைந்தவனுக்குத்தான் தெரியும்.

சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மோட்டார்ல கார்பன் தேஞ்சிருச்சு சார், மாத்தணும்" என்றார்கள். மோட்டாரின் சுழலும் பாகத்தில் உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டுதான் அந்தக் கார்பன். மோட்டாரையே மாற்றினார்கள். கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரேயும் அடித்தார்கள். நன்றாக ஓடியது, மூன்று மாதம். அப்புறம் அதே முனகல்.

இந்த முறை பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் கதவைத் தொடவே இல்லை. உள்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்தச் சொன்னார். "லைட்டு மங்கலையே, பாத்தீங்களா?" என்றார். கண்ணாடி ரப்பரில் இறுகி மோட்டார் திணறினால் அது கரண்டை அதிகமாக இழுக்கும், விளக்கு மங்கும். மங்காமல் கண்ணாடி மட்டும் மெதுவாகப் போனால் மோட்டாருக்குக் கரண்டே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அடுத்து, நான் ஸ்விட்சைப் பிடித்திருக்க, கண்ணாடி நின்ற நேரத்தில் கதவை உள்ளங்கையால் தட்டினார். கார்பன் தேய்ந்திருந்தால் அந்த அதிர்வில் அது சுழலும் பாகத்தின் கம்யூட்டேட்டரில் போய் ஒட்டி மோட்டார் சட்டென்று கிளம்பும். கிளம்பவில்லை.

பிறகுதான் டோர் பேடைக் கழற்றினார். ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்தார். கண்ணாடி புதுக் கார் மாதிரி விர்ரென்று ஏறியது. ஆக மோட்டாரும் சரி, ரெகுலேட்டரும் சரி. மறுபடி இணைத்து, கண்ணாடி நகரும்போதே மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.4 வோல்ட், மோட்டாரில் 9.1. வழியில் காணாமல் போனதில் 2 வோல்ட்டுக்கு மேல் ஸ்விட்சுக்குள்ளேயே தொலைந்திருந்தது. நகராமல் அளந்தால் இது பிடிபடாது. கரண்ட் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

என் வண்டியில் மோட்டாரின் முழுக் கரண்டும் ஸ்விட்சின் சின்னஞ்சிறு கான்டாக்ட் வழியாகவே போகிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பொறி. திறந்து பார்த்தால் ஏற்றும் பக்கத்துக் கான்டாக்ட் கரிக்கட்டை, இறக்கும் பக்கம் ஓரளவு சுத்தம். கண்ணாடியின் எடையைத் தூக்குவது ஏற்றும் பக்கம்தானே. பாதியில் நின்றதற்கும் காரணம் கிடைத்தது: மெதுவாக ஓடும் மோட்டாரை விடாமல் அழுத்திப் பிடித்தால் அது சூடாகி, உள்ளேயிருக்கும் வெப்பக் காப்பு துண்டித்துவிடும். ஆறினால் மறுபடி ஓடும்.

அவர் சுரண்டிச் சுத்தம் செய்து தந்தார். "மேல்பூச்சு போயிருச்சு, ரொம்ப நாள் தாங்காது" என்று அப்போதே சொன்னார். ஐந்து மாதம் தாங்கியது. இப்போது புது ஸ்விட்ச், மோட்டாரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

வயிற்றெரிச்சலில், கழற்றித் தந்த பழைய மோட்டாரைத் திறந்து பார்த்தேன். கார்பன் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

சர்வீஸ் சென்டரின் தப்புக்கு வண்டியைத் திட்டுவது நியாயமில்லைதான். ஆனால் ஸ்விட்சுக்குப் பதில் மோட்டாரின் கரண்டைச் சுமக்க ஒரு சாதாரண ரிலே வைத்திருந்தால் அந்த ஸ்விட்ச் என் காலம் வரை வந்திருக்கும், அந்தக் காசை மிச்சம் பிடித்தது யார்? நண்பரிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்ப உன் வண்டியை எனக்குக் கொடேன்" என்றார். அதைத் தரமாட்டேன்.