ஆறிப்போன மட்டன் பிரியாணிக்கு மூன்று ரிவ்யூ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா, மனைவி, மகனோடு எங்கள் ஊர் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனேன். சாப்பாடு சரியில்லை. வந்த கோபத்தில் அன்று இரவே கூகுள் மேப்ஸில் ஒரு ரிவ்யூ எழுதிப் போட்டேன். அதைப் படித்த மனைவி, "உங்க கோபம்தான் தெரியுது, கடையில என்ன நடந்துச்சுன்னு தெரியலையே" என்றாள். தன்மையாக எழுதினால் இப்படி இருக்கும் என்று அவளே நான்கு வரி எழுதிக் காட்டினாள். அதிலும் எனக்குத் திருப்தி இல்லை. மறுநாள் காலை பில்லை எதிரே வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று எழுதினேன்.

மூன்றும் ஒரே சாப்பாட்டைப் பற்றியவைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, நான் கோபத்தில் எழுதியது:

"படுமோசம்!!! தயவுசெய்து யாரும் இந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். பழைய கறியைச் சூடு பண்ணிப் போடுகிறார்கள். சப்ளையருக்கு அவ்வளவு திமிர், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பில்லில் பகல் கொள்ளை. இதைச் சாப்பிட்டு அம்மாவுக்கு வயிறு கெட்டுவிட்டது. ஒரு ஸ்டாரே அதிகம்."

இரண்டாவது, மனைவி எழுதியது:

"சுவை சுமார். சர்வீஸ் இன்னும் நன்றாக இருக்கலாம். விலை கொஞ்சம் அதிகம். மற்றபடி குடும்பத்தோடு போகலாம். மூன்று ஸ்டார்."

மூன்றாவது, மறுநாள் எழுதியது:

"ஞாயிறு மதியம் 1:40-க்கு நான்கு பேர் போனோம். ஆர்டர் சொல்லி 35 நிமிடத்தில் பிரியாணி வந்தது, பரோட்டா வர ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மட்டன் பிரியாணியிலும் சாதம் சூடாக, உதிரியாக, நன்றாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்த கறி ஆறிப்போய், எலும்பைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. கெட்ட வாடை எதுவும் இல்லை. சொன்னதும் ஒரு தட்டை மாற்றிக் கொடுத்தார்கள், அதிலும் கறி வெதுவெதுப்புதான். சிக்கன் பிரியாணியும் சிக்கன் 65-ம் சூடாகவே வந்தன. எங்கள் பக்கத்து ஆறு மேஜைக்கும் ஒரே சப்ளையர், தண்ணீருக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. மொத்தம் 1,323 ரூபாய். அதில் 60 ரூபாய் கேட்காமல் சேர்த்த சர்வீஸ் சார்ஜ், வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். ஞாயிறு மதியம் போனால் மட்டனை விட்டுச் சிக்கன் வாங்கலாம். இரண்டு ஸ்டார்."

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எழுதும்போது அது உண்மை என்றுதான் நம்பினேன். மறுநாள் போனை எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்தவுடன் மகன் எடுத்த போட்டோ 1:40. ஆர்டர் கொடுத்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து. பிரியாணித் தட்டு வந்ததும் மனைவி எடுத்த போட்டோ 2:25. அம்மாவுக்குப் பரோட்டா வந்தபோது 2:50. பணம் அனுப்பிய மெசேஜ் 3:12. ஆக, ஒரு மணி நேரம் என்பது பரோட்டாவுக்கு மட்டும்தான் உண்மை. அம்மா வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் சாப்பிட்ட அந்த 25 நிமிடம் மனதில் பெரிதாகி, மொத்தச் சாப்பாட்டையும் விழுங்கிவிட்டது. படிக்கிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பிரியாணிக்காகப் போகிறவர் 35 நிமிடத்தை ஞாயிற்றுக்கிழமையில் பொறுத்துக்கொள்வார். பரோட்டா கேட்கும் பெரியவரைக் கூட்டிப் போகிறவர் யோசிப்பார். இரண்டாவது ரிவ்யூவின் "சர்வீஸ் இன்னும் நன்றாக இருக்கலாம்" இந்த இருவரில் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

அடுத்தது கறி. நான் அதிகம் தவறியது இங்கேதான். "பழைய கறி" என்று எழுதிவிட்டேன். நான் கண்ணால் பார்த்தது என்ன? கறி ஆறியிருந்தது, கொழுப்பு உறைந்திருந்தது, இவ்வளவுதான். ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். வீட்டில் காலையில் வைத்த மட்டன் குழம்பே மதியம் மேலே வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதனால் உறைந்த கொழுப்பு கறி ஆறிவிட்டது என்பதற்குச் சாட்சி, கெட்டுவிட்டது என்பதற்கு அல்ல. கெட்டுப்போனால் புளித்த வாடையோ, தொட்டால் பிசுபிசுப்போ தெரியும். எங்கள் தட்டில் இரண்டும் இல்லை.

சாதம் சூடாகவும் கறி ஆறியும் இருந்ததற்குக் காரணமும் ஓரளவு ஊகிக்கலாம். கூட்டம் அதிகமாகும்போது அண்டாவிலிருந்து கறியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, தட்டுக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வைத்து, மேலே சாதத்தைப் போட்டு மூடிக் கொடுக்கிற வழக்கம் பல கடைகளில் உண்டு. எடுத்து வைத்த பாத்திரத்துக்கு அடியில் சூடு இல்லையென்றால் கறி ஆறத்தான் செய்யும். இந்தக் கடையிலும் அப்படித்தான் நடந்ததா என்று நான் சமையலறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. அதனால் காரணத்தை ரிவ்யூவில் எழுதவில்லை, பார்த்ததை மட்டும் எழுதினேன். ஆனால் பார்த்ததைச் சரியாக எழுதினால் மாஸ்டருக்கு அது போதும். "சாதம் சூடு, கறி ஆறல்" என்று படித்தாலே எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "பழைய கறி" என்று படித்தால், "நாங்க தினமும் காலையில வாங்குறோம்" என்று சண்டைக்குத்தான் வருவார், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஹோட்டல் சமையலறைக்கான அடிப்படை விதி. அதனால் ஆறிய கறி என்பதே போதுமான குற்றச்சாட்டு. அதைப் பழைய கறியாக்கி நான் பெரிதாக்கியிருக்க வேண்டியதில்லை.

சப்ளையர் விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருபது வயதுகூட நிறைந்திருக்காத பையன். ஆறு மேஜைக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஒருமுறை நான் கூப்பிட்டபோது அவன் கையில் நான்கு தட்டுகள் இருந்தன. திமிர் என்று நான் படித்தது அவன் முகத்தில் இருந்த அசதியாகக்கூட இருந்திருக்கலாம். அதைவிட, தட்டை மாற்றிக் கொடுத்ததும் அதே பையன்தான். முதல் ரிவ்யூவில் அது இல்லவே இல்லை. இப்படி எழுதினால் முதலாளி ஆள் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டார், அந்தப் பையனைத்தான் திட்டுவார். "ஆறு மேஜைக்கு ஒருவர்" என்று எழுதினால் கேள்வி போக வேண்டிய இடத்துக்கு, அதாவது கல்லாவுக்கு, போகும்.

பில்லுக்கு வருகிறேன். சாப்பாடு 1,200 ரூபாய், அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம் 60 ரூபாய், இரண்டும் சேர்ந்த 1,260-க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் 63 ரூபாய். ஆக 1,323. ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி, அதைக் கொள்ளை என்று கடைக்காரரைத் திட்ட முடியாது. சர்வீஸ் சார்ஜ் அப்படியில்லை, அது கடைக்கே போகிறது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு. எனவே என் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் "பகல் கொள்ளை" என்ற சொல்லைப் படிக்கிறவர் விலையே அதிகம் என்று நினைத்துக்கொள்வார். "60 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்" என்று படிக்கிறவர் கல்லாவிலேயே பில்லைப் பார்த்து, எடுக்கச் சொல்லிக் கேட்பார். நான் கேட்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். கேட்டிருந்தால் எடுத்திருப்பார்களோ என்னவோ.

கடைசியாக அம்மாவின் வயிறு. மூன்றாவது ரிவ்யூவில் இது இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அன்று இரவு எட்டு மணிவாக்கில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது உண்மை. ஆனால் அம்மா மட்டனைத் தொடவே இல்லை. பரோட்டாவும் இரண்டு துண்டு சிக்கனும்தான் சாப்பிட்டார். அதே சிக்கனைச் சாப்பிட்ட எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உணவு நச்சு என்றால் கடைசியாகச் சாப்பிட்டதையே சந்தேகிப்பது நம் வழக்கம். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். சால்மோனெல்லா என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள்வரைகூட ஆகலாம். அப்படியானால் வியாழக்கிழமை கல்யாண வீட்டில் சாப்பிட்டதும் சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறது. உறுதியில்லாத இந்த ஒரு வரி ஒரு கடையை மூட வைக்கும் வலிமை உள்ளது.

அதற்காக இதை மூடி மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே பண்டத்தைச் சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்திருந்தால், அல்லது டாக்டர் சந்தேகப்பட்டிருந்தால், நான் ரிவ்யூவோடு நின்றிருக்க மாட்டேன். பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுத்திருப்பேன். பில்லில் 14 இலக்க உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும், அதை வைத்து அவர்களால் கடைக்குப் போய் மாதிரி எடுக்க முடியும். ஸ்டாரால் அந்த வேலை நடக்காது.

ஸ்டாரைப் பற்றி வீட்டில் நெடுநேரம் பேசினோம். மனைவி மூன்று என்றாள், சாதமும் சிக்கனும் நன்றாக இருந்தன என்பது அவள் வாதம். நான் இரண்டில் நின்றேன். கடையின் பெயர்ப் பலகையிலேயே மட்டன் பிரியாணிதான் முதலில் இருக்கிறது. அது சரியில்லாதபோது, மாற்றிக் கொடுத்த தட்டும் சரியில்லாதபோது, மூன்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று கொடுக்கவும் காரணம் இல்லை. ஒன்றை ஈ மொய்க்கும் சமையலறைக்கும், புகார் சொன்னால் அடிக்க வருகிற கடைக்கும் வைத்திருக்கிறேன்.

பழைய ரிவ்யூவை அழிக்கவில்லை, அதையே திருத்தி இந்த மூன்றாவதைப் போட்டேன். முதல் ரிவ்யூவுக்குக் கடையிலிருந்து வந்திருந்த பதில், எல்லோருக்கும் போடும் ஒரு வரி மன்னிப்பு. திருத்திய இரண்டாம் நாள் புதிதாக ஒரு பதில் வந்தது. ஞாயிறு மதியம் கறியை எடுத்து வைக்கும் பாத்திரத்தை இனி வெந்நீர்த் தொட்டியில் வைப்பதாக எழுதியிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த முறை கல்லாவில் நானே கேட்பேன்.