விரலால் எழுதுவதா, விசைப்பலகையில் தட்டுவதா: பெயர்ப் பட்டியலுக்கு எது ஏற்றது?

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அலைபேசியிலேயே தயாரிப்பது என்று முடிவானபோது, மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவது ஒன்று. தமிழ் விசைப்பலகையில் நேரடியாகத் தட்டுவது இன்னொன்று. திரையில் விரலால் எழுதி, அதை அச்செழுத்தாக மாற்றிக்கொள்வது மூன்றாவது. பட்டியலைப் பொறுத்தவரை நான் விரலையே தேர்ந்தெடுத்தேன். இப்போதும் அதையே பரிந்துரைப்பேன்.

நீளமான கடிதத்துக்கு விசைப்பலகையே வேகமானது என்பதில் ஐயமில்லை. விரல் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் முழுவதுமாக வரைந்தாக வேண்டும்; சில பத்திகளுக்குள் கை ஓய்ந்துவிடும். ஆனால் பெயர்ப் பட்டியலில் வேகத்தைவிட எழுத்துப் பிழையின்மையே முக்கியம். நகரத்தார் வீட்டுப் பட்டியலில் பெயருடன் ஊரும், குடும்பத்தின் பிரிவைக் காட்டும் கோவிலும் சேர்ந்தே வரும்; அவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் பெரியவர்கள் கண்ணில் உடனே பட்டுவிடும்.

இளையாற்றங்குடி என்ற கோவில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பலரும் `Ilayathangudi` என்றே எழுதுகிறார்கள். அதில் ள, ல என்ற வேறுபாடு இல்லை. ற்ற இருக்கும் இடத்தில் வெறும் `th` நிற்கிறது. ஆகவே மென்பொருள் ஊகித்துத்தான் தர வேண்டியிருக்கிறது. பரிந்துரைகளில் சரியான வடிவம் இல்லையென்றால், ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். விரலால் எழுதுபவருக்கு இந்தச் சுற்று வழியே தேவையில்லை. என் அப்பத்தா ஆங்கிலம் படித்தவர் அல்லர். ஆனால் மாற்றூர், இரணியூர், சூரக்குடி என்று அவர் எழுதும்போது எந்த ற, எந்த ர என்பதை அவர் கையே அறியும். கெ, கே போன்ற எழுத்துகளையும் தாளில் எழுதும் முறைப்படி, கொம்பை முதலில் போட்டு அடுத்து ககரத்தை எழுதினால் போதும். கணினி உள்ளே ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகச் சேமித்துக்கொள்வது எழுதுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்99 விசைப்பலகை பழகியவருக்கு இந்த வாதம் பொருந்தாது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி உருவான அந்த அமைப்பில், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-வை அடுத்துக் க வந்தாலும் அப்படியே. இளையாற்றங்குடியை 12 தட்டல்களில், எந்த ஊகமும் இல்லாமல், பிழையறத் தட்டிவிடலாம். இதை அறிந்தவர் விரலுக்கு மாற வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு பட்டியலுக்காக ஒரு பெரியவரைப் புதிய விசையமைப்பைப் பழகச் சொல்வது நியாயமாகாது.

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகைச் செயலியில் விரலால் எழுதும் வசதியை அமைப்பது எளிது. அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குச் சென்று, விசைப்பலகையைச் சேர்க்கும்போது தமிழைத் தேர்ந்து, அதன் வடிவங்களில் கையெழுத்தைக் குறித்தால் எழுதும் கட்டம் வந்துவிடும். எழுத்துகளைப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் எழுத வேண்டும். கொம்பைப் போட்டுவிட்டுப் பாதியில் நின்றால் அதையே தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளக்கூடும். புள்ளியை அழுத்தமாக வைக்க வேண்டும். மேலே தோன்றும் பரிந்துரைகளைப் பார்க்காமல் அடுத்த சொல்லுக்குப் போகக் கூடாது. அகராதியில் இல்லாத ஊர்ப்பெயரைப் பழகிய சொல்லாக மாற்றிவிடும் பழக்கம் இதற்கு உண்டு. ‘அழ. சித.’ போன்ற தலைப்பெழுத்துகளில் இது கூடுதலாக நிகழும்.

கவனிக்க வேண்டிய பிழை இன்னொன்று இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாதது. கௌரி என்ற பெயரில் உள்ள கௌ ஒரே உயிர்மெய். கொம்பு, க, ள என்று வரைந்தால் அது கெள என இரண்டு எழுத்துகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். பிறகு பட்டியலில் கௌரி என்று தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. ரி-க்கு முன்னால் இடங்காட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒருமுறை தட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்: சரியான கௌ என்றால் வெறும் க மிஞ்சும், தவறானது என்றால் கெ மிஞ்சும். துணைக்காலும் ரகரமும் இதேபோல் வடிவில் நெருங்கியவை. ஆயினும் வழக்கமான சொற்களில் பரிந்துரையே பெரும்பாலும் திருத்திவிடுகிறது. ஔ, கௌ வரும் பெயர்களை மட்டும் நான் தமிழ் விசைப்பலகைக்கு மாறித் தட்டுகிறேன். அங்கே ஔகாரத்துக்குத் தனி விசை இருப்பதால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

எழுதுகோல் கொண்டு பெரிய பலகைக் கணினியில் எழுதியவர்கள் வேறு முடிவுக்கு வரலாம். அந்த அனுபவம் எனக்குக் குறைவு. அலைபேசித் திரையில், பெயரும் ஊரும் கோவிலுமாக ஒரு வரிக்கு நான்கைந்து சொற்கள் என்ற அளவுக்கு விரலே போதும். அதே திருமணத்துக்கான அழைப்பிதழ் வாசகத்தை மட்டும் நான் விசைப்பலகையில்தான் தட்டினேன்.