விற்ற பிறகும் என்னை விடாத கடிகாரம்

நான்கு வருடம் கையில் கட்டியிருந்த ஆப்பிள் ஸ்மார்ட் வாட்ச்சை விற்றுவிட்டேன். நண்பர் ஒருவர் தன்னுடையதையும் விற்கப்போவதாகச் சொல்லி, "எல்லாத்தையும் அழிச்சுட்டா போதும்ல?" என்று கேட்டார். போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்தது இதுதான். வேறு நிறுவனத்தின் போனுக்கு மாறி, பழைய ஐபோனையும் கொடுத்துவிட்டேன். வாட்ச் மட்டும் கையில். அதன் அமைப்புகளுக்குள் போய் `Erase All Content and Settings` என்பதைத் தட்டினேன். சில நிமிடங்களில் பெட்டியிலிருந்து எடுத்த புதிதுபோல் வரவேற்புத் திரை வந்தது. தரவெல்லாம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் வாட்ச்சை என் கணக்கோடு கட்டிவைத்திருந்த பூட்டு போகவில்லை.

அந்த வரவேற்புத் திரைதான் ஏமாற்றுகிறது. பூட்டு வாட்ச்சில் மட்டும் இல்லை. நிறுவனத்தின் சர்வரில், அதன் வரிசை எண்ணோடு நம் கணக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது. வாங்கியவர் தன் போனோடு இணைக்கும்போதுதான் `Activation Lock` என்ற அந்தப் பூட்டு தலைகாட்டும். மாலையில் அவரிடமிருந்து போன்: "சார், இது உங்க ஐடியும் பாஸ்வேர்டும் கேக்குது." குரலில் திருட்டுப் பொருளோ என்ற சந்தேகம் நன்றாகவே தெரிந்தது.

பாஸ்வேர்டை அவரிடம் சொல்லியிருந்தால் அதைவிட முட்டாள்தனம் கிடையாது. உலாவியில் என் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் அந்த வாட்ச்சைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து நீக்கினேன். அவர் மறுபடி முதலிலிருந்து இணைத்ததும் பூட்டு வரவில்லை. நேரில் போகவேண்டிய அவசியமே இல்லாமல் முடிந்தது.

போன் இருக்கும்போதே செய்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. போனையும் வாட்ச்சையும் அருகருகே வைத்து, போனில் இருக்கும் வாட்ச் செயலியில் `All Watches` போய், அந்த வாட்ச்சின் பக்கத்திலுள்ள ⓘ தட்டி `Unpair` கொடுக்கவேண்டும். கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்த இடத்தில்தான் பூட்டு கழல்கிறது. போன் முதலில் வாட்ச்சை பேக்கப் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அழிக்கும். நான் வாட்ச்சிலேயே அழித்ததால் அந்தக் கடைசி பேக்கப்பும் எனக்கு இல்லை. சிம் இணைப்புள்ள வாட்ச் என்றால் அந்தத் திட்டத்தை வைத்திருப்பதா நீக்குவதா என்றும் கேட்கும், விற்பதானால் நீக்கிவிடுங்கள். கடைசியில் சாதனப் பட்டியலைத் திறந்து, வாட்ச்சின் பெயர் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கைமாற்றுங்கள். வரவேற்புத் திரையை நம்பாதீர்கள்.

திருடியவனுக்குப் பயன்படாமல் செய்யும் பூட்டு இது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அழிக்கும் பொத்தானுக்குக் கீழேயே "பூட்டு இன்னும் இருக்கிறது" என்று கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? நான்கு வருடம் ஒருநாளும் தொல்லை தராத வாட்ச்தான். இருந்தாலும் அதே நிறுவனத்தில் இன்னொன்று வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.