பழுது அடப்டரில் இல்லை: இரண்டு வருட ஓடிஜி அனுபவம்

பென் டிரைவ், மவுஸ் போன்றவற்றைப் போனில் செருக உதவும் ஓடிஜி அடப்டர் ஒன்று, புறக்கோட்டையில் 450 ரூபாவுக்கு வாங்கியது, இரண்டு வருடமாக என் திறப்புக் கோர்வையில் தொங்குகிறது. வாங்கிய முதல் மாதமே அதைக் குப்பையில் போடப் பார்த்தேன்.

மச்சாளின் கலியாண வீடியோவை வீடியோக்காரர் ஒரு 64 ஜிபி பென் டிரைவில் தந்திருந்தார். அம்மாவுக்குப் போனில் காட்டலாம் என்று செருகினால் ஒரு படமும் வரவில்லை. அடப்டர்தான் பழுது என்று முடிவு கட்டி, பம்பலப்பிட்டியில் மூன்று மடங்கு விலையில் இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைத் தம்பி கேட்டார்: "அண்ணா, வீட்ட வயர் மவுஸ் ஒண்டு இருக்கா? முதல்ல அதைக் குத்திப் பாருங்கோ."

குத்தினேன். போன் திரையில் கணினியில் வருவது போலவே ஒரு சின்ன அம்புக்குறி வந்து நின்றது. மவுஸ் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறையும் அதற்குக் கிடையாது. அது வேலை செய்தால் அடப்டரும் போனின் ஓடிஜி வசதியும் நலம் என்று அர்த்தம். இனிப் பென் டிரைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். (அம்புக்குறி வராவிட்டால் செட்டிங்ஸில் ஓடிஜி என்று தேடிப் பாருங்கள். சில போன்களில் அதை நாமே போட வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே அணைந்தும் விடும்.)

கலியாண டிரைவைத் திரும்பச் செருகி, இந்த முறை கவனித்துப் பார்த்தேன். அதன் விளக்கு எரிந்தது, திரையின் மேலே ஓர் அறிவித்தலும் வந்தது. இந்த டிரைவை வாசிக்க முடியவில்லை, சரிசெய்யத் தட்டுங்கள் என்ற மாதிரி. முதல் நாள் அதைப் படிக்காமலே தள்ளிவிட்டிருந்தேன். நல்ல வேளை தட்டவில்லை! அந்தச் 'சரிசெய்தல்' டிரைவை ஃபோமட் பண்ணுவதுதான், கலியாணமே அழிந்திருக்கும். லப்டொப்பில் போட்டு, டிரைவின் மேல் வலது கிளிக் செய்து Properties பார்த்தால் File system, அதாவது கோப்பு முறை, என்ற இடத்தில் NTFS என்று இருந்தது. வீடியோ ஒரே கோப்பாக 11 ஜிபி. FAT32 என்ற இன்னொரு கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அவர் NTFS போட்டிருக்கிறார். விண்டோஸுக்கு அது சொந்த வீடு, என்னுடையது போலப் பல ஆண்ட்ரொய்ட் போன்களுக்கு அது தெரியாது.

வீடியோவை முதலில் லப்டொப்பில் பிரதி எடுத்துவிட்டு, டிரைவை exFAT ஆக ஃபோமட் செய்தேன். டிரைவ் எழுத்தைச் சரிபார்த்து, F க்குப் பதிலாக அதைப் போட்டு, விண்டோஸின் Command Prompt இல் இப்படிச் செய்யலாம்:

```
format F: /FS:exFAT /Q
```

திரும்ப வீடியோவைப் போட்டுச் செருகினேன், திறந்தது. exFAT இல் 4 ஜிபி தடை இல்லை. ஆனால் எல்லாப் பழைய போன்களும் அதை வாசிப்பதில்லை. பெரியம்மாவின் போன் வாசிக்கவில்லை, அவருக்கு வீடியோவைத் துண்டாக்கி FAT32 டிரைவில்தான் கொடுத்தேன்.

அடுத்த தொல்லை ஒரு வருடம் கழித்து வந்தது, ஆனால் குணம் வேறு. யூஎஸ்பி 3.0 உலோக டிரைவ் ஒன்று வாங்கினேன், 128 ஜிபி, exFAT. செருகினால் தெரியும், சின்னப் படங்கள் திறக்கும். பெரிய கோப்பைப் பிரதி எடுக்கத் தொடங்கினால் விளக்கு அணைந்து, டிரைவ் காணாமல் போய், திரும்ப வரும். கையில் எடுத்தால் நல்ல சூடு. கோப்பு முறை பிழை என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மறுக்கும். இப்படி வந்து வந்து போவது மின்சாரக் குறைவு. கணினியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி அம்பியர், 3.0 துளை 900 வரை தரும். போன் தன் பற்றரியிலிருந்தே கொடுக்க வேண்டும், அதனால் பல போன்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் கொடுக்கும். எழுதும் நேரத்தில் டிரைவ் கூடுதலாக இழுக்க, மின்னழுத்தம் விழுந்து இணைப்பு அறுந்துவிடுகிறது. என் போனில் பற்றரி 15 வீதத்துக்குக் கீழே போனால் இது இன்னும் மோசம்.

உறுதிப்படுத்த, தனி சார்ஜர் செருகும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி நடுவில் போட்டேன். அதே டிரைவ், அதே கோப்பு, ஒரு முறையும் அறவில்லை. ஆனாலும் ஹப்பைத் தூக்கிக்கொண்டு 100 ஆம் நம்பர் பஸ்ஸில் திரிய முடியுமா? வெளியே போகும்போது பழைய 16 ஜிபி யூஎஸ்பி 2.0 டிரைவையே கொண்டுபோகிறேன். மெதுவானதுதான், ஆனால் நடுவில் அறுவதில்லை. உலோக டிரைவ் லப்டொப்புக்கு என்று வீட்டில் கிடக்கிறது. மூன்று மடங்கு விலை கொடுத்த அந்த இரண்டாவது அடப்டரைத் தங்கச்சி எடுத்துவிட்டாள்.