மண்ணால் வீங்கும் கால், கொசுவால் வீங்கும் கால்

எத்தியோப்பியாவின் வொலைட்டா மலைப்பகுதியில் கால் வீங்கிய விவசாயியைப் பார்த்தால் யானைக்கால் என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் அங்கே பலருக்கு வருவது போடோகோனியோசிஸ். எரிமலைச் செம்மண்ணின் நுண்துகள்கள் வெறுங்கால் தோல் வழியாக உள்ளே போய், பரம்பரையாக அந்தத் தன்மை உள்ளவர்களின் நிணநீர்க் குழாய்களை மெல்ல அடைத்துவிடுகின்றன.

யானைக்காலுக்குக் காரணம் கொசு பரப்பும் புழு. அதில் பெரும்பாலும் ஒரு கால்தான் வீங்கும், ஆண்களுக்கு விரைவீக்கமும் வரலாம். மண் வீக்கமோ பாதத்தில் தொடங்கி இரண்டு கால்களிலும் ஏறும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும்.

புழு மாத்திரை இதற்கு உதவாது. சிறுவயதிலிருந்தே மூடிய செருப்பு, வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு விரலிடுக்கு வரை கழுவித் துடைப்பது, இவைதான் தடுக்கும். வீக்கம் தொடங்கியவர்களுக்கும் இதோடு எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு சேர்த்தால் குறையும், அப்புறம் மறுபடி வெறுங்காலோடு நடந்தால் திரும்பிவிடும்.