பாஸ்போர்ட் ஃபோட்டோவிலிருந்து எக்செலுக்கு: டெசராக்ட்டுடன் சில வருட அனுபவம்

திருச்சியில் ஒரு சிறிய டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறேன். குழுவாகப் போகிறவர்களின் பாஸ்போர்ட் ஃபோட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வரும். அதிலிருக்கும் விவரங்களை எழுத்துப் பிசகாமல் எக்செலில் ஏற்ற வேண்டும். இந்த வேலைக்குச் சில வருடங்களாக, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து டெக்ஸ்டாக மாற்றித் தரும் டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் துல்லியம் இல்லை. இது நம் கணினியிலேயே ஓடும், இணையம் தேவையில்லை. பாஸ்போர்ட்டை எக்செலாக மாற்றித் தரும் இலவசத் தளங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே ஏற்றிய படம் யார் கையில் எத்தனை நாள் இருக்கும் என்று நமக்குத் தெரியப் போவதில்லை.

முழுப் பக்கத்தையும் படிக்கச் சொன்னால் டெசராக்ட் சொதப்பும். பின்னணிக் கோலமும் ஹோலோகிராம் பளபளப்பும் அதைக் குழப்பிவிடும். நான் படிக்க வைப்பது பக்கத்தின் அடியில் உள்ள அந்த இரண்டு வரிகளை மட்டும்தான். வரிக்கு 44 எழுத்து, இடைவெளி வரும் இடமெல்லாம் < குறி. அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இப்படிக் கொடுப்பேன்:

```
tesseract mrz.png out --psm 6 -c tessedit_char_whitelist="ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ0123456789<"
```

இந்த வரிகளுக்குள்ளேயே சரிபார்ப்பு எண்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இலக்கம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வெளியிட்டிருக்கும் மாதிரிப் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். உட்டோபியா என்ற கற்பனை நாட்டுடையது, அதனால் யாருடைய அந்தரங்கமும் இதில் இல்லை:

```
P<UTOERIKSSON<<ANNA<MARIA<<<<<<<<<<<<<<<<<<<
L898902C36UTO7408122F1204159ZE184226B<<<<<10
```

இரண்டாம் வரியில் 740812 என்பது பிறந்த தேதி: 1974 ஆகஸ்ட் 12. இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 என்று பெருக்கினால் 49, 12, 0, 56, 3, 2. கூட்டினால் 122, கடைசி இலக்கம் 2. தேதியை அடுத்து நிற்பதும் அதே 2 தான். மங்கலான படத்தில் அந்த 1 ஐ 7 என்று படித்திருந்தால் கூட்டல் 140 ஆகிக் கடைசியில் 0 வந்திருக்கும், உடனே மாட்டிக்கொள்ளும். எழுத்துகள் வந்தால் A க்கு 10 தொடங்கி Z க்கு 35 வரை மதிப்பு, < க்கு 0. பைத்தானில் நான்கு வரி போதும்:

```
def check(s):
    v = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"
    n = [0 if c == "<" else v.index(c) for c in s]
    return sum(x * (7, 3, 1)[i % 3] for i, x in enumerate(n)) % 10
```

சரி, இது பாஸானால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், கூடாது. கணக்கு பார்ப்பது கடைசி இலக்கத்தை மட்டும். அதனால் மதிப்பில் 10 அல்லது 20 வித்தியாசப்படும் எழுத்துகள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தாலும் அதற்குத் தெரியாது. G யின் மதிப்பு 16, அதை 6 என்று படித்தாலும் கணக்கு சரியாக வரும். S 28, அதை 8 என்று படித்தாலும் அப்படியே. எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை தருவது K. அதன் மதிப்பு 20, < இன் மதிப்பு 0, டெசராக்ட்டோ < ஐ K என்று படிப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. எண் என்பது ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம், ஒன்பதாவது இடத்தில் <. இந்த வடிவத்தையும் சேர்த்துச் சோதித்தால் மூன்றுமே பிடிபடும். கையால் அடிக்கும்போது 27 ஐ 72 என்று மாற்றி அடித்தால் அதையும் இந்தக் கணக்கு விட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் அப்படித்தான். இன்னொன்று, வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் என்பதால் 1938 இல் பிறந்த பெரியவரை நிரல் 2038 இல் பிறக்க வைக்கும். பிறந்த தேதி வருங்காலத்தில் இருந்தால் நூறு வருடம் கழி என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

பெயருக்குச் சரிபார்ப்பு எண்ணே கிடையாது. முதல் வரியைக் காக்க எதுவும் இல்லை. MURUGAN க்குப் பின்னால் வரும் < ஒன்று K ஆகிவிட்டால் அவர் MURUGANK ஆகிவிடுவார், எந்த எச்சரிக்கையும் வராது. பெயருக்கு அங்கே 39 இடம்தான் இருப்பதால் நீளமான பெயர்கள் வெட்டுப்படவும் செய்யும். அதனால் பெயரை மட்டும் மேலே அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் அடிக்கிறேன். பார்த்ததை மட்டும்தான் அடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் அவரே KARTHIK என்று எழுதியிருப்பார், பாஸ்போர்ட்டில் KARTHICK என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் போகும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் எக்செலிலும் காலி. அப்பா பெயரை எடுத்து அங்கே நிரப்பும் உதவி மனப்பான்மை ஆபத்தானது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதியில்லை என்றது. அந்தக் கட்டம் உண்மையிலேயே காலியா என்பது பயணத்தையே முடிவு செய்கிற விவரம். பளபளப்பில் மறைந்த எழுத்து இருந்தால் ஊகித்து நிரப்பாமல் [தெளிவில்லை] என்று போட்டுவிட்டுப் புது ஃபோட்டோ கேட்பேன். “வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புங்கண்ணே, போட்டோவா அனுப்பாதீங்க” என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், படம் சுருங்காமல் வரும்.

எக்செலில் தேதிக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் 05/04/1961 ஏப்ரலா மேயா என்று கணினியின் அமைப்புதான் முடிவு செய்யும்.

இனி படங்களின் பாதுகாப்பு. ஓசிஆரைவிட இதில்தான் அதிகம் கவனம் தேவைப்பட்டது. வாட்ஸ்அப்பில் வரும் படம் கேலரியில் தானாக விழும், பேக்கப் போட்டிருந்தால் அங்கிருந்து கூகுள் ஃபோட்டோஸுக்கும் போகும். அலுவலக ஃபோனில் இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன். விண்டோஸில் Win+V அழுத்திப் பாருங்கள், கிளிப்போர்டு ஹிஸ்டரி போட்டிருந்தால் காப்பி செய்த பாஸ்போர்ட் எண்கள் வரிசையாக நிற்கும். அதையும் அணைத்துவிடலாம்.

மறைத்து அனுப்புவதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு விடுதி கேட்டதற்காக, மேலே உள்ள எண்ணையும் பிறந்த தேதியையும் அழகாகக் கறுப்படித்து ஒருவர் அனுப்பியிருந்தார். அடியில் இரண்டு வரிகளும் முழுசாக இருந்தன. எண், தேதி, பெயர் எல்லாம் அங்கே இருக்கிறதே! ஃபோனின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்படிப்பதும் வீண்தான், பிரகாசத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். வேர்டில் வெட்டிய படத்திலும் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், ‘Delete cropped areas’ கொடுத்தால்தான் போகும். ஓர் எழுத்தில் சந்தேகம் என்று சக ஊழியரிடம் கேட்பதானால் அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறேன். அது P யா F ஆ என்று சொல்ல அவருக்கு முகமும் முகவரியும் தேவையில்லை.

குழு திரும்பி வந்து கணக்கு முடிந்ததும் படங்களை ரீசைக்கிள் பின் வரை போய் அழித்துவிடுகிறேன், டெசராக்ட் உருவாக்கிய out.txt கோப்புகளையும் சேர்த்து. “அடுத்த தடவைக்கு வெச்சிருங்களேன் தம்பி” என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அடுத்த தடவை புதிதாக ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.